ரமலான் நோன்பு: சிறுவருக்கும் முதியவருக்கும்

"பையனுக்கு 9 வயசு, நோன்பு வைக்கணும்னு அடம் பிடிக்கிறான். அம்மாவுக்கு 74, சர்க்கரை இருக்கு. ரெண்டு பேரும் என்ன செய்யணும்?"

பையனுக்கு இன்னும் கடமையில்லை. பருவமடைந்த பிறகுதான் கடமை. அடையாளம் எதுவும் தெரியாவிட்டால் பிறைக் கணக்கில் 15 வயது நிறைந்ததும். அதுவரை பழக்கம்தான். சஹருக்கு எழுப்பிச் சாப்பிட வைத்து, முதலில் லுஹர் வரை, பிறகு அஸர் வரை என்று நீட்டுங்கள். தலைசுற்றினாலோ சோர்ந்து படுத்தாலோ உடனே தண்ணீர் கொடுங்கள். நோன்பை விட்டதற்காகத் திட்ட வேண்டாம்.

அம்மா விஷயத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். குணமாகக்கூடிய நோய் என்றால் விட்ட நோன்பைப் பிறகு வைத்துக் களாச் செய்யணும், ஈடாக ஏழைகளுக்கு உணவு தரும் ஃபித்யா போதாது. பலர் தவறுவது இங்கேதான். முதுமையாலோ தீராத நோயாலோ இனி முடியாது என்றால் ஃபித்யா. ஷாஃபி முறையில் ஒரு நோன்புக்கு முத்து என்ற அளவில் ஒன்று அரிசி; 750 கிராம் என்று வைத்தால் 30 நோன்புக்கு 22.5 கிலோ, ஏழைகளுக்குத் தரவேண்டும். ஹனஃபி முறையில் அளவு கூடும், உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள்.

வைத்தே தீருவேன் என்றால், மாத்திரை, இன்சுலின் நேரத்தை ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் மாற்றி வாங்குங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தால் நோன்பு முறியாது. 70-க்குக் கீழே போனால் மஃக்ரிபுக்குப் பத்து நிமிடம்தான் இருந்தாலும் உடனே நோன்பைத் திறக்கச் சொல்லுங்கள்.