பறவைக்கூட்டம் ஏன் நடுங்குகிறது? விலகல், திசை ஒற்றுமை, கூடல்: கேள்வி பதில்

அகிலா: கணினித் திரையில் பறவைக்கூட்டம் பறக்கும் நிரல் ஒன்று எழுதினேன். மிக நெருங்கினால் தள்ளும் விலகல், அண்டைப் பறவைகளின் திசையோடு ஒத்துப்போகும் திசை ஒற்றுமை, அவற்றின் நடுவை நோக்கி இழுக்கும் கூடல் என்று மூன்று விதிகள். 200 பறவைகள். விலகல் தூரம் 25 பிக்சல், பார்வைத் தூரம் 50. கூட்டமாகத்தான் பறக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. விலகல் எடையை 1.5-லிருந்து 1 ஆக்கினால் நடுக்கம் குறைகிறது, ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன.

எடையைத் தொட வேண்டாம். விலகல் திசைகளைக் கூட்டிய பிறகு அந்த வெக்டரை உச்ச வேக அளவுக்கு நீட்டுகிறீர்களா என்று பாருங்கள். பாடக் குறியீடுகள் பலவும் அப்படித்தான் செய்கின்றன. நீட்டியதும் தூரம் மறந்துபோகிறது. 24 பிக்சலில் உள்ள பறவையும் 5 பிக்சலில் உள்ளதும் ஒரே பலத்தோடு தள்ளுகின்றன, 25-ஐத் தாண்டியதும் தள்ளல் சட்டென்று பூஜ்யம். தள்ளப்பட்ட பறவையைக் கூடல் உள்ளே இழுக்கிறது, மறுபடி முழுப் பலத்தில் தள்ளப்படுகிறது. உங்கள் நடுக்கம் இதுதான்.

தள்ளல் எல்லையில் மெல்லத் தொடங்க வேண்டும்:

```
// dx, dy: அடுத்த பறவையிலிருந்து என்னை நோக்கி
if (d > 0 && d < 25) {
  w = 1 - d / 25
  sx += dx / d * w
  sy += dy / d * w
}
ax += 1.5 * maxForce * sx
ay += 1.5 * maxForce * sy
```

இப்போது 24 பிக்சலில் w = 0.04, 5 பிக்சலில் 0.8. நெருங்க நெருங்கத்தான் பலம் ஏறும். `d > 0` சோதனையை விட்டுவிடாதீர்கள். இரண்டு பறவைகள் ஒரே புள்ளியில் பிறந்தால் பூஜ்யத்தால் வகுத்து `NaN` வரும், அந்தப் பறவைகள் திரையிலிருந்து காணாமல் போகும்.

சரிபார்க்க 2 பறவைகளை மட்டும் விட்டு, இடைத்தூரத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் எழுதுங்கள். எண்கள் 25-ஐச் சுற்றி ரம்பப் பல் போல ஏறி இறங்கினால் பழைய பிழை இன்னும் இருக்கிறது. இந்தச் சோதனையில் திசை ஒற்றுமையை அணைக்கக் கூடாது. இருவரின் வேக வித்தியாசத்தைக் குறைத்து ஊசலை அடக்குவது அந்த விதிதான். அது இல்லாவிட்டால் சரியான குறியீடும் ஸ்பிரிங் போல ஆடும்.

முருகேசன்: இதற்கெல்லாம் காரணம் ஃபிரேம் வேகம் குறைவு என்பதுதானே? 60-ஐ 120 ஆக்கினால் போதும்.

பாதி சரி. ஒரு ஃபிரேமில் நகரும் தூரம் பெரிதாக இருந்தால் எல்லையைத் தாண்டும் தூரமும் பெரிது, அதனால் நடுக்கம் கண்ணுக்குத் தெரிகிறது. நேர இடைவெளியால் பெருக்கி நகர்த்துகிறவர்களுக்கு 120-ல் வீச்சு குறையும், திடீர்த் தாவல் அப்படியே இருக்கும். பறவைகளின் எண்ணிக்கை கூடும்போது ஃபிரேம் வேகம் சரிந்தால் நோய் திரும்பிவிடும்.

அகிலா: மாற்றினேன், நடுக்கம் போய்விட்டது. ஆனால் கூட்டம் சட்டென்று திரும்பும்போது மட்டும் சில பறவைகள் மோதுகின்றன.

மூன்று விசைகளையும் கூட்டி, மொத்தத்தை `maxForce` அளவில் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். திருப்பத்தில் மற்ற இரண்டும் பெரிதாகி விலகலை விழுங்கிவிடும். முதலில் விலகலுக்குக் கொடுங்கள், மீதி இருப்பதைத் திசை ஒற்றுமைக்கு, அதன்பின் கூடலுக்கு. கிரெய்க் ரெனால்ட்ஸ் 1987-ல் இந்த விதிகளை வெளியிட்டபோதே இப்படி முன்னுரிமை வரிசையில் பகிர்வதைச் சொல்லியிருந்தார். எடைகளோடு மல்லுக்கட்டுவதைவிட இது எனக்குப் பிடித்த வழி.

ஸ்டீபன்: என்னுடையது பறவை இல்லை, மனிதர்கள். ஒரு நடைபாதையில் இருபுறமிருந்தும் வருகிறார்கள். நடுவில் சிக்கி, எல்லோரும் ஒரே பக்கம் திரும்பி நடக்கிறார்கள். கூடலைக் குறைக்கட்டுமா?

கூடலை அடியோடு எடுத்துவிடுங்கள், குடும்பம் போன்ற சிறு குழுக்களுக்கு மட்டும் வையுங்கள். ஆனால் அவர்களைத் திருப்புவது திசை ஒற்றுமை: எதிரே வருகிறவரின் திசையையும் சராசரியில் சேர்க்கிறது. இருவர் வேகங்களின் டாட் பெருக்கம் நேர்மறையாக இருந்தால் மட்டும் சேருங்கள். ஒவ்வொருவருக்கும் போக வேண்டிய இடத்தை நோக்கிய விசைதான் பிரதானமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, பறவைக் குறியீட்டில் வேகத்தை எப்போதும் உச்சத்துக்கு நீட்டும் வரி இருந்தால் அதை நீக்குங்கள். பறக்கும் பறவை நிற்காது, மனிதர் நிற்க வேண்டும். நிற்கத் தெரியாத கூட்டம் நெரிசலில் நசுங்கி அதிரும். ஹெல்பிங், மோல்நார் இருவரும் பாதசாரிகளுக்காக 1995-ல் வெளியிட்ட சமூக விசை மாதிரியில் விரும்பும் நடைவேகம் சராசரியாக வினாடிக்கு 1.34 மீட்டர். இலக்கு விசையும் தள்ளலும் மட்டுமே கொண்டு எதிரெதிர் வரிசைகள் அதில் தானாகவே உருவாயின.

நிலோஃபர்: மைனாக்கள் தூரத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்திலுள்ள 7 பறவைகளைத்தான் பார்க்கின்றன என்கிறார்கள். 50 பிக்சல் வட்டத்துக்குப் பதில் அதையே வைக்கலாமா?

ரோமில் மைனாக் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைக் கூட்டங்களைப் படமெடுத்து அளந்து 2008-ல் வந்த ஆய்வு, ஒரு பறவை சராசரியாக 6 முதல் 7 அண்டைப் பறவைகளோடு தொடர்பு கொள்வதாகச் சொன்னது. கூட்டம் விரியும்போது வட்டம் காலியாகிவிடும், 7 என்ற எண்ணிக்கை காலியாகாது. அதனால் திசை ஒற்றுமைக்கும் கூடலுக்கும் அதை வையுங்கள், விலகலுக்குத் தூரமே வேண்டும். ஆனால் 8 பறவைகள் தனியே ஒட்டிக்கொண்டால் அவற்றுக்கு வெளியுலகமே தெரியாது, கூட்டத்துக்குத் திரும்பாது. சிலர் பார்வைக் கோணத்தைக் குறுக்கி முன்னால் உள்ள 7-ஐ மட்டும் எடுக்கிறார்கள். அது எல்லா வேகத்திலும் உதவுகிறது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் பறவைகளை இரண்டு முறையிலும் ஓட்டி, கூட்டம் எத்தனை துண்டாகப் பிரிகிறது என்று எண்ணிப் பாருங்கள்.