எழுத்தால் முகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வேலையைப் பற்றியவை. அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலரிலோ, வீட்டுச் சுவரில் மாட்டும் படத்திலோ, இறந்தவரின் முகத்தைச் சிறிய எழுத்து வரிகளாலேயே அமைக்க வேண்டும் என்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.

அம்மப்பாவின் படத்தை எழுத்து வரிகளுக்குள் பதித்தேன். திரையில் அழகாக இருந்தது. அச்சகத்திலிருந்து வந்தபோது எழுத்தெல்லாம் பொரிந்துபோயிருந்தது. அச்சகத்தின் பிழையா? (கொக்குவில்)

அச்சகத்தார் மேல் பழி போடாதீர்கள். நீங்கள் செய்தது, எழுத்தை ஒரு சல்லடையாக வைத்துப் பின்னால் படத்தைத் தெரியவிடுவது. அப்படிச் செய்தால் கன்னத்தில் வரும் எழுத்து சாம்பல் நிறமாகிறது. அச்சு இயந்திரத்திடம் சாம்பல் நிற மை கிடையாது. கறுப்புப் புள்ளிகளை இடைவெளிவிட்டு அடித்துத்தான் சாம்பலைக் காட்டுகிறது. 5 point, அதாவது 5 புள்ளி, அளவு எழுத்தின் கோடு அந்த மைப் புள்ளிகள் ஒன்றிரண்டின் அகலமே இருக்கும். கோட்டின் விளிம்பு கடித்துப் பிய்த்ததுபோல் ஆவது அதனால்தான். அந்த முறை திரைக்கும், பெரிய எழுத்துள்ள பதாகைக்கும் சரி.

அச்சுக்கு எழுத்து முழுக் கறுப்பாகவே இருக்க வேண்டும். நான்கு நிறக் கலவையாக இல்லாமல் கறுப்பு மை ஒன்றில் மட்டும். வெளிச்சமும் நிழலும் நிறத்தால் வராமல் கோட்டின் தடிமனால் வர வேண்டும்.

அப்படியென்றால் மெல்லிய எழுத்துரு, தடித்த எழுத்துரு என்று ஐந்து எழுத்துருக்களை வைத்துக்கொண்டால் போதுமா? (மானிப்பாய்)

நானும் முதலில் அப்படித்தான் செய்து ஒரு வாரத்தைத் தொலைத்தேன். Noto Sans Tamil எழுத்துருவில் ஒன்பது தடிமன்கள் இருக்கின்றன. ஆனால் தடிமன் கூடும்போது எழுத்தின் அகலமும் கூடுகிறது. ஒரே வரியை மெல்லியதிலும் தடித்ததிலும் அடித்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் இரண்டாம் சொல்லிலேயே தடம் மாறிவிடும். நிழலும் வெளிச்சமும் சந்திக்கும் இடத்தில் பாதி ‘ழ’வும் பாதி ‘வா’வும் ஒட்டிக்கொண்டு நிற்கும்.

வழி எளியது. எழுத்துரு ஒன்றே போதும். Light தடிமனை எடுங்கள். Thin வேண்டாம், 5 புள்ளியில் அதன் கோடு அச்சில் அறுந்துவிடும். முழு உரையையும் ஒரு பத்தியாக அமைத்து, அதே இடத்தில் நான்கு பிரதிகள் வையுங்கள். முதலாவதை அப்படியே விடுங்கள். மற்ற மூன்றுக்கும் அதே கறுப்பில் 0.15, 0.3, 0.5 புள்ளிக் கரைக்கோடு கொடுங்கள்; மென்பொருளில் அதன் பெயர் Stroke. கரைக்கோடு எழுத்தைப் பருக்க வைக்குமே தவிர, அடுத்த எழுத்தைத் தள்ளாது. எனவே நான்கும் இம்மியும் பிசகாமல் பொருந்தும்.

இனிப் படம். நிறத்தை நீக்கி, சற்று மங்கலாக்கி, ஐந்து படிகளாகக் குறையுங்கள்; போட்டோஷொப்பில் அதன் பெயர் Posterize. மங்கலாக்காவிட்டால் தோலின் ஒவ்வொரு புள்ளியும் தனித் தீவாகிவிடும். மிக வெளிச்சமான படி வெறுந்தாள். மற்ற நான்கு படிகளின் வடிவங்களால் நான்கு பிரதிகளையும் கத்தரியுங்கள். ஓர் எழுத்தின் நடுவே எல்லை வந்தாலும், அந்த எழுத்து உடையாது. பாதியில் பருத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வாசிப்பவருக்கு அது தெரியவே தெரியாது.

ஒன்றை எதிர்பாருங்கள்: மிகப் பருத்த எழுத்தும் தாளில் பாதியைக்கூட மூடாது. தலைமயிர் கரும்சாம்பலாகத்தான் வரும். கறுப்பே வேண்டுமென்றால் கண்மணிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கறுப்புத் தளத்தில் வெள்ளை எழுத்தாக அடித்தால் மை பரவிப் புள்ளிகளை விழுங்கிவிடும், ‘க்’ எல்லாம் ‘க’ ஆகிவிடும்.

நினைவு மலரின் அட்டைக்கு (ஏ5) சிவபுராணத்தால் முகம் அமைக்க எண்ணம். ஒரு முறை எழுதினால் முகம் நிரம்புமா? (சாவகச்சேரி)

முதலில் தாளின் அளவைப் பார்ப்போம். முகம் யாருடையது என்று கண்தான் சொல்லும். திறந்த கண்ணின் உயரத்துக்குள் எட்டு வரியாவது ஓடினால்தான் இமையும் மணியும் பிரிந்து தெரியும் என்பது என் அனுபவம். 5 புள்ளி எழுத்துக்கு வரிக்கு வரி 6 புள்ளி வையுங்கள், அதாவது 2.1 மில்லிமீற்றர். இதற்கு மேல் நெருக்கினால் ‘கி’யின் தலை மேல் வரியின் ‘ழு’வின் வாலில் இடிக்கும். எட்டு வரி 17 மில்லிமீற்றர். கண்ணின் அகலம் உயரத்தைப்போல் மூன்று மடங்கு, முகத்தின் அகலம் கண்ணைப்போல் ஐந்து மடங்கு என்று கொண்டால், முகம் 25 சென்றிமீற்றர் அகலம் வரும். அது ஏ3 தாள். ஏ5 அட்டையில் அதே கண்ணுக்கு நான்கு வரிதான் கிடைக்கும்; கண் கிடைக்காது, குழிதான் கிடைக்கும். ஏ3 தாளில் அடித்து, இரண்டாக மடித்து, மலரோடு சேர்த்துக் கொடுங்கள். மடிப்பு மூக்கிலோ கண்ணிலோ விழாதபடி முகத்தைச் சற்றுக் கீழே இறக்கி, மடிப்பை நெற்றியில் விடுங்கள்.

அந்த அளவில் முகம் ஏறத்தாழ 36 சென்றிமீற்றர் உயரம், 170 வரி. நீள்வட்டமான முகத்துக்கு இருபதாயிரம் எழுத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். சிவபுராணம் 95 அடி; இடைவெளியும் சேர்த்து அடிக்கு இருபது எழுத்து என்று வைத்தால் 1,900. ஆகவே பதினொரு முறை ஓட வேண்டும்.

ஒரு சங்கடம் உண்டு. வெறுந்தாளாக விடும் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் பாடல் வெட்டுப்படும். ‘நமச்சிவாய’ நடுவில் அறுந்து நிற்பதைப் பெரியவர்கள் விரும்பமாட்டார்கள். வெறுந்தாளே இல்லாமல் அங்கும் Light எழுத்தை ஓடவிடலாம். பாடல் முழுமையாக இருக்கும், முகத்தின் ஒளி சற்றுக் குறையும். திருமுறை என்றால் நான் பாடலின் பக்கம்தான் நிற்பேன். வாழ்க்கை வரலாறு என்றால் தயங்காமல் வெட்டலாம்.

அச்சகத்தில் தந்த உரையை ஒட்டினால் “mk;kh” என்று வருகிறது. (பருத்தித்துறை)

அது ‘அம்மா’தான், பாமினி எழுத்துருவில் அடித்தது. ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மாற்றியபின் இறந்தவரின் பெயரையும் ஊரையும் ஒருவரைக்கொண்டு உரக்க வாசிப்பித்துச் சரிபாருங்கள். அச்சுக்கு அனுப்புமுன் எழுத்தை வரைவடிவாக மாற்றுவோம் (இங்க்ஸ்கேப்பில் Object to Path). அதன்பின் பிழை திருத்த முடியாது.

எழுத்து எழுத்தாகத் தடிமன் மாற்ற நிரல் எழுதினேன். புள்ளியும் காலும் தனித்தனியே சிதறுகின்றன. (திருநெல்வேலி)

கணினி ‘யாழ்ப்பாணம்’ என்பதை 11 குறிகளாக எண்ணுகிறது. நமக்கு அது ஆறு எழுத்து. பைதனில் `regex` தொகுதியை நிறுவி இப்படிப் பிரியுங்கள்:

```python
import regex
regex.findall(r"\X", "யாழ்ப்பாணம்")
```

யா, ழ், ப், பா, ண, ம் என்று ஆறும் கிடைக்கும். ‘ஸ்ரீ’யும் ‘க்ஷ’வும் இரண்டிரண்டாகப் பிரியும். பெயரில் அவை உள்ளவர் என்றால் முன்கூட்டியே ஒட்டி வையுங்கள்.

கன்னத்தின் வளைவோடு வரிகளையும் வளைக்கலாமா? (நல்லூர்)

தாடிக்கும் சேலை மடிப்புக்கும் வளையுங்கள். கன்னத்தில் வேண்டாம், ‘ஞ’, ‘ணூ’ போன்ற அகன்ற எழுத்துகள் வளைவில் விசிறிபோல் விரிந்து, இடையிடையே வெள்ளைக் கீறல் விழும். தூர நின்று பார்த்தால் அது தழும்பு.

என்னிடம் இருப்பது அடையாள அட்டைப் படம் மட்டும். (காரைநகர்)

நேரே அடித்த வெளிச்சத்தில் எடுத்த படத்தில் நிழலே இருக்காது; ஐந்து படிகளாகக் குறைத்தால் முகம் முழுவதும் ஒரே படிக்குள் விழும். திருமண அல்பத்தைத் தேடுங்கள். யன்னலோரம் ஒரு பக்கமாக வெளிச்சம் விழ எடுத்த படம், சற்று மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. ஐந்து படியாக்கியதும் அதைத் திரையில் பெருவிரல் அளவுக்குச் சுருக்கி, வீட்டில் ஒருவரிடம் இது யார் என்று கேளுங்கள். அவர் யோசித்தால், எழுத்தை அடுக்கத் தொடங்காமல் வேறு படம் எடுங்கள்.