விட்பியில் தோற்றது யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

இங்கிலாந்தின் பழைய திருச்சபை வரலாற்றை வாசித்துக்கொண்டிருக்கிறேன். 664-இல் விட்பி என்ற ஊரில் ஒரு கூட்டம் நடந்ததாகவும், சுதந்திரமாக இருந்த கெல்டிக் திருச்சபையை ரோமாபுரி அங்கே நசுக்கிவிட்டதாகவும் ஒரு புத்தகத்தில் இருந்தது. இன்னொன்றில் சண்டையே ஈஸ்டர் தேதிக்கும் துறவிகள் தலை மழிக்கும் விதத்துக்கும்தான் என்று போட்டிருக்கிறார்கள். இதற்காகவா இவ்வளவு?

ஒரு வாசகர், நாகர்கோவில்

அன்புள்ள நண்பருக்கு,

நசுக்கிய கதையை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். கெல்டிக் திருச்சபை என்று தலைமையும் எல்லையும் உள்ள தனி அமைப்பு எதுவும் அன்று கிடையாது. அயர்லாந்தின் தென்பகுதியே விட்பிக்கு முப்பது வருடம் முன்பு ஈஸ்டர் தேதியில் ரோமானியக் கணக்குக்கு மாறிவிட்டது. பிடிவாதமாக இருந்தது ஐரிஷ் துறவி கொலம்பா ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையோரம் நிறுவிய அயோனா தீவு மடமும் அதைச் சார்ந்தவர்களும், அப்புறம் ஸ்காட்லாந்தின் வடக்கே இருந்த பிக்டுகளும் வேல்ஸ் பக்கத்து பிரித்தானியர்களும். அயோனாவிலிருந்து வந்த ஏய்டன்தான் இங்கிலாந்தின் வடக்கே இருந்த நார்தம்பிரியா நாட்டில் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தை அமைத்து மக்களுக்கு மதத்தைக் கொண்டுபோனவர் என்பதால், அந்த நாட்டில் அயோனாவின் வழக்கமே சபை வழக்கமாக இருந்தது.

சிக்கல் அரண்மனைக்குள் இருந்தது. அரசர் ஓஸ்வியு சிறுவயதில் நாடு கடந்து ஐரிஷ்காரர்களிடம் வளர்ந்தவர், அவர்கள் மொழியும் நன்றாகத் தெரியும். ராணி இயன்ஃப்லெட் வளர்ந்தது இங்கிலாந்தின் தென்கிழக்கே கென்ட்டில், ரோமிலிருந்து நேராக வந்த பாதிரிகளிடம். கல்யாணமாகி வந்தபோது தன் குருவையும் கூடவே அழைத்து வந்துவிட்டார். விளைவு, சில வருடங்களில் அரசர் தவக்கால நோன்பை முடித்து ஈஸ்டர் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ராணியும் அவரைச் சேர்ந்தவர்களும் இன்னும் நோன்பில் இருந்துகொண்டு குருத்தோலை ஞாயிறு கொண்டாடுவார்கள். இதை எழுதிவைத்தவர் பீட் என்ற துறவி. அவர் புத்தகம் முடிந்தது 731-இல், அவரும் ரோம் பக்கம்தான், ஆனாலும் ஏய்டன் மேல் அவருக்கிருந்த மரியாதை எழுத்தில் தெரியும்.

ஏன் சரியாக ஒரு வாரம் தள்ளிப்போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஈஸ்டர் வசந்தகாலப் பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிறு. இதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. அமாவாசை கழிந்து எண்ணிக்கொண்டே வந்தால் பிறையின் 14-ஆம் நாள்தான் பௌர்ணமி. அந்த 14-ஆம் நாளே ஞாயிறாக இருந்தால் என்ன செய்வது? அயோனாக்காரர்கள் அன்றே கொண்டாடலாம் என்றார்கள், அவர்களுக்கு 14 முதல் 20 வரை எந்த நாள் ஞாயிறோ அன்று ஈஸ்டர். 14 யூதர்களின் பஸ்கா நாள், அதைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பது மற்றவர்கள் பக்கம், எனவே அவர்களுக்கு 15 முதல் 21 வரை. 14 ஞாயிறில் விழுந்தால் முதல் தரப்புக்கு அன்றே ஈஸ்டர், இரண்டாம் தரப்புக்கு அது குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டர் அடுத்த ஞாயிறு, பிறை 21-இல். ராணியின் நோன்பு நீண்டது இப்படித்தான்.

பிறையைக் கணக்கிடும் அட்டவணையும் வேறு வேறு. அயோனாவுடையது 84 வருடச் சுழற்சி. அதற்குள் 1039 பிறைமாதங்கள் அடங்கும் என்று வைத்துக்கொள்வார்கள். கூட்டிப் பார்த்தால் ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் நாளுக்கு மேல் உதைக்கும், அதாவது அட்டவணை பௌர்ணமி என்று சொல்லும் நாளில் வானத்தில் நிலா இன்னும் முழுசாக இருக்காது. ரோம் பக்கத்தின் 19 வருடச் சுழற்சி 235 பிறைமாதங்களோடு கிட்டத்தட்டப் பொருந்திவிடும், ஒரு நாள் பிசக முன்னூறு வருடமாகும். அறிவியலாக மட்டும் பார்த்தால் பழைய அட்டவணை தோற்றுப்போன கணக்குதான்.

தலைமழிப்பு இதற்குப் பக்கவாத்தியம். ரோம் வழக்கத்தில் உச்சியை மழித்து வட்டமாக முடி விடுவார்கள், ஐரிஷ் துறவிகள் ஒரு காதிலிருந்து மறுகாது வரை நெற்றிப்பக்கத்தை மழிப்பார்கள். எதிரிகள் அதை மந்திரவாதி சீமோனின் தலை என்று கேலி செய்ததும் உண்டு. ஆனால் கூட்டத்தில் வாதம் முழுக்க ஈஸ்டரைச் சுற்றியே நடந்தது.

கூட்டம் நடந்தது ஹில்டா என்ற தலைமைப் பெண் துறவி நடத்திய மடத்தில், அங்கே ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் இருந்தார்கள். ஹில்டா ஐரிஷ் பக்கம். நீதிபதி ஆசனத்தில் பிஷப் யாரும் இல்லை, அரசரே இருந்தார். ஐரிஷ் வழக்கத்துக்காகப் பேசியவர் லிண்டிஸ்ஃபார்ன் பிஷப் கோல்மன். எதிர்த்தரப்பில் பேச வேண்டிய அகில்பர்ட் பிரான்க் நாட்டவர், மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் பேச முடியாது, அதனால் இளம் பாதிரி வில்ஃபிரிடைப் பேசச் சொன்னார். கோல்மன் தரப்புக்கும் அகில்பர்ட் தரப்புக்கும் நடுவே மொழிபெயர்த்தவர் செட் என்ற பிஷப்.

கோல்மன் சொன்னது எளிது: இது எங்கள் பெரியவர்களின் வழக்கம், அப்போஸ்தலர் யோவானிலிருந்து வருவது. வில்ஃபிரிட் முதலில் ஊரைக் காட்டினார், இத்தாலி, இன்றைய பிரான்ஸ் பகுதியான கால் நாடு, ஆப்பிரிக்கா, ஆசியா, எகிப்து எல்லாம் ஒரே நாளில் கொண்டாடும்போது கடல் ஓரத்து இரண்டு தீவுகளின் ஒரு மூலை மட்டும் உலகத்தோடு சண்டை போடுவதா என்று. அடுத்த அடி இன்னும் கூர்மை. யோவான் 14-ஆம் நாள் எந்தக் கிழமையானாலும் கொண்டாடினார், நீங்களோ ஞாயிறுக்குக் காத்திருக்கிறீர்கள், எனவே நீங்கள் யோவான் வழியும் இல்லை, பேதுரு வழியும் இல்லை. கொலம்பா பெரிய மகான் என்று கோல்மன் சொன்னபோது, அவர் மகானாகவே இருக்கட்டும், ஆனால் கிறிஸ்து பரலோகத்தின் திறவுகோல்களைத் தந்தது பேதுருவுக்கு என்று மத்தேயுவை மேற்கோள் காட்டினார்.

உடனே ஓஸ்வியு கோல்மனிடம் கேட்டார், இது உண்மையா? உண்மைதான் ராஜா. உங்கள் கொலம்பாவுக்கு அப்படி ஏதாவது கொடுக்கப்பட்டிருக்கிறதா? இல்லை. சரி, அப்படியானால் வாசல் காப்பவரை நான் பகைத்துக்கொள்ள மாட்டேன், நான் அங்கே போய் நிற்கும்போது திறக்க ஆள் வேண்டுமே என்றார். வில்ஃபிரிடின் சீடர் எழுதிய வரலாற்றில் அரசர் இதைச் சிரித்துக்கொண்டே கேட்டார் என்று இருக்கிறது.

அந்தச் சிரிப்பை நான் நம்புகிறேன். முடிவோடுதான் வந்திருப்பார் என்பது என் ஊகம். அவர் மகன் அல்ஹ்ஃபிரித் தந்தைக்குக் கீழே ஆண்டுகொண்டே வில்ஃபிரிடின் மாணவனாகி, ரிப்பன் மடத்திலிருந்து ஐரிஷ் வழக்கத்தாரை வெளியேற்றி அதை அவருக்குக் கொடுத்திருந்தான். ஏய்டன் உயிரோடிருந்தவரை இந்த வேறுபாட்டை எல்லோரும் பொறுத்துக்கொண்டார்கள் என்று பீடே சொல்கிறார். இப்போது அது மகன் கையில் ஒரு கொடியாகிவிட்டது. தந்தை தானே ரோம் பக்கம் வந்துவிட்டால் அந்தக் கொடிக்கு வேலையில்லை. நிலாக் கணக்கைத் தீர்த்துவைக்க அவருக்கு எந்த அவசரமும் இருந்திருக்காது.

ஹில்டா முடிவை ஏற்றார், செட்டும் ஏற்றார். கோல்மன் மட்டும் ஏய்டனின் எலும்புகளில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, ஐரிஷ் துறவிகளோடு சுமார் முப்பது ஆங்கிலேயத் துறவிகளும் பின்தொடர, அயோனா போய், பிறகு அயர்லாந்தின் மேற்குக் கரையோரம் இனிஷ்போஃபின் தீவில் மடம் கட்டினார். அங்கே ஈஸ்டர் சண்டை இல்லை, சாப்பாட்டுச் சண்டை வந்தது. கோடையில் அறுவடை நேரத்தில் ஐரிஷ் துறவிகள் ஊர் சுற்றப் போய்விடுவார்களாம், குளிர்காலத்தில் திரும்பி வந்து ஆங்கிலேயர்கள் சேர்த்துவைத்ததில் பங்கு கேட்பார்களாம். பொறுக்க முடியாமல் கோல்மன் அயர்லாந்துக் கரையில் மாயோ என்ற இடத்தில் கொஞ்சம் நிலம் வாங்கி ஆங்கிலேயர்களைத் தனியாகக் குடிவைத்தார். அயோனாவே 716-இல் கணக்கை மாற்றிக்கொண்டது. பீட் எழுதும் நாளில் மாயோ மடம் ஆங்கிலேயத் துறவிகளால் நிறைந்திருந்தது, எல்லோரும் ஈஸ்டர் கொண்டாடியது ரோமானியக் கணக்குப்படி.