மெயின்டனன்ஸ் கட்ட மறுக்கும் வீட்டுக்காரர்: சங்கம் பாக்கியை வசூலிப்பது எப்படி? (கேள்வி பதில்)

48 வீடுகள் உள்ள குடியிருப்பின் செயலாளர்: ஒருவர் 2022 ஏப்ரலிலிருந்து மெயின்டனன்ஸ் கட்டவே இல்லை. மாதம் 3,200 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். 2025 டிசம்பரோடு 45 மாதம் ஆகிவிட்டது. வாட்ஸ்ஆப் குரூப்பில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டோம். 2026 ஜனவரி முதல் வாரத்தில் கேஸ் போடலாம் என்கிறது கமிட்டி. எங்கிருந்து ஆரம்பிப்பது?

காலண்டரிலிருந்து ஆரம்பியுங்கள். பணப் பாக்கிக்கு வழக்குப் போட 1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் தருவது பொதுவாக மூன்று வருடம். மெயின்டனன்ஸ் மாதாமாதம் தனித்தனியாக விழும் கடன் என்பதால் ஒவ்வொரு மாதத்துக்கும் கெடு தனியாக ஓடும். ஜனவரி 5ஆம் தேதி பிராது தாக்கல் செய்தால், 2023 ஜனவரி 10 அன்று விழுந்த தவணை முதல்தான் கேட்க முடியும். அது 36 மாதம், 1,15,200 ரூபாய். அதற்கு முந்தைய ஒன்பது மாதத்தின் 28,800 ரூபாய் கைநழுவிப் போகும். வாட்ஸ்ஆப்பில் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் கெடு நிற்காது. கடன் கொடுத்தவர் கேட்பது கெடுவை நீட்டிக்காது. கடன்பட்டவர் எழுத்தில் ஒப்புக்கொள்வதுதான் நீட்டிக்கும்.

ஆகவே ஃபைலைத் தேடுங்கள். இந்த நாலு வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்டு ஏதாவது கடிதம் கொடுத்திருக்கிறாரா? தேடும்போதே இன்னும் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். பைலாவில் மெயின்டனன்ஸ் வசூலிக்கும் அதிகாரம் எந்த விதியில் இருக்கிறது? 3,200 என்று நிர்ணயித்த பொதுக்குழுவின் அழைப்பு அறிவிப்பு, வருகைப் பதிவு, தீர்மானம் மூன்றும் மினிட் புத்தகத்தில் இருக்கின்றனவா? இப்போதைய கமிட்டியின் பதவிக்காலம் முடியாமல் இருக்கிறதா, அதன் பெயர்கள் மாவட்டப் பதிவாளரிடம் படிவம் 7இல் தாக்கலாகி இருக்கின்றனவா? பாக்கி உண்மையா என்பதில் சங்கம் தோற்பது அபூர்வம். "இந்தத் தொகையை யார், எந்தக் கூட்டத்தில் முடிவு செய்தது? வழக்குப் போட உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?" என்ற இரண்டு கேள்விகளில்தான் தடுமாறும். வழக்குத் தொடரவும் பிராதில் கையெழுத்திடவும் செயலாளருக்கு அதிகாரம் தரும் தீர்மானத்தைத் தாக்கலுக்கு முன்பே நிறைவேற்றி வையுங்கள்.

ஒரு பொருளாளர்: எங்கள் பைலாவில் தெளிவாக இருக்கிறது சார், மூன்று மாதம் கட்டாவிட்டால் தண்ணீரை நிறுத்தலாம் என்று. பொதுக்குழுவும் கைதூக்கி ஒத்துக்கொண்டது. வால்வை மூடினால் ஒரே நாளில் பணம் வந்துவிடும். கோர்ட்டுக்கு எதற்குப் போக வேண்டும்?

பைலா உறுப்பினரைக் கட்டுப்படுத்தும் என்பது சரி. ஆனால் சட்டம் அனுமதிக்காததைப் பைலாவும் அனுமதிக்க முடியாது. தண்ணீரும் கழிவுநீரும் உயிர் வாழத் தேவையானவை. வால்வை மூடிய அன்றே அவர் காவல் நிலையத்துக்கும் போவார், அதைத் தடுக்கும் உறுத்துக்கட்டளை கேட்டு நீதிமன்றத்துக்கும் போவார். அதோடு பாக்கி வைத்தவர் பாதிக்கப்பட்டவராகவும், சங்கம் எதிர்வாதியாகவும் மாறிவிடும். வீட்டுக்குள் முதியவரோ குழந்தையோ இருந்தால் எந்த நீதிபதியும் உங்கள் லெட்ஜரைப் புரட்டிப் பார்க்கும் மனநிலையில் இருக்க மாட்டார்.

பைலாவில் எழுதியிருந்தால் நிறுத்தக்கூடியவை வேறு: விழா ஹால், ஜிம், நீச்சல் குளம், தேர்தலில் நிற்கும் உரிமை, வாக்குரிமை. இவற்றுக்கும் முன்கூட்டி எழுத்து மூலம் நோட்டீஸ் வேண்டும். பாக்கிப் பட்டியலைப் பொதுக்குழுவின் கணக்கு அறிக்கையில் வீட்டு எண், தொகை, எந்தத் தேதி வரை என்ற அளவில் கொடுங்கள். லிஃப்ட் கதவில் பெயரோடும் அடைமொழியோடும் ஒட்டினால் அவதூறு வழக்குக்கு நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும்.

தரைத்தள வீட்டுக்காரர்: நான் மறுபக்கத்து ஆள். லிஃப்டை நான் தொட்டதே இல்லை. என் பாத்ரூம் சுவரில் மேல்தளத்துக் குழாய் ஒழுகி ஒரு வருடமாகிறது, யாரும் சரிசெய்யவில்லை. பணத்தை நிறுத்தினால்தானே கேட்பார்கள்?

உங்கள் கோபம் நியாயம். நிறுத்துவதுதான் உங்களுக்கே கெடுதல். பொதுச் செலவு என்பது பயன்படுத்திய அளவுக்கான கட்டணம் அல்ல, கட்டடத்தில் உங்களுக்குள்ள பங்கோடு வரும் பொறுப்பு. லிஃப்டில் ஏறவில்லை என்பதற்காக அது குறையாது. பைலாவே தரைத்தளத்துக்குத் தனிக் கணக்கு வைத்திருந்தால் மட்டும் விஷயம் வேறு.

குழாய் ஒழுகலைத் தனி வழக்காக வைத்துக்கொள்ளுங்கள். தொகையைக் கட்டுங்கள், கூடவே "ஆட்சேபணையுடன் செலுத்துகிறேன்" என்று ஒரு கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். தேதி தெரியும் புகைப்படம், பிளம்பர் எழுதிய மதிப்பீடு இரண்டையும் இணைத்து, குறிப்பிட்ட நாளுக்குள் சரிசெய்யக் கோருங்கள். குழாய் பொதுவானதா, மேல்வீட்டுக்குச் சொந்தமானதா என்பதை முதலில் தெளிவாக்குங்கள். மேல்வீட்டுக்குச் சொந்தம் என்றால் நீங்கள் சண்டை போட வேண்டியது சங்கத்தோடு அல்ல.

பாக்கிக் கோரிக்கையை எதிர்த்து உண்மையில் நிற்கக்கூடிய வாதம் ஒன்று உண்டு: உயர்த்திய தொகைக்குப் பொதுக்குழுத் தீர்மானமே இல்லை என்பது. அப்படி இருந்தால் பழைய தொகையைத் தவறாமல் கட்டிக்கொண்டு, கூடுதலை மட்டும் எதிர்ப்பதுதான் வலுவான நிலை.

48 வீட்டுச் செயலாளர் மீண்டும்: ஃபைலில் கிடைத்துவிட்டது. 2023 ஜூன் 18 தேதியிட்ட கடிதம், அவர் கையெழுத்தோடு: "என் பாக்கி இருப்பது தெரியும். பார்க்கிங் பிரச்சினையைத் தீர்க்காதவரை தர மாட்டேன்." இது மறுப்புதானே, எதற்கு உதவும்?

இதுதான் உங்களிடமுள்ள மிக நல்ல காகிதம். கடன் இருப்பதை ஒப்புக்கொண்டு, கூடவே தர மறுத்தாலும், அது ஒப்புதல்தான் என்று காலவரம்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவின் விளக்கமே சொல்கிறது. அந்தத் தேதியில் 2022 ஏப்ரல் தவணைகூடக் காலாவதி ஆகவில்லை. எனவே அதுவரை விழுந்திருந்த எல்லாத் தவணைகளுக்கும் 2023 ஜூன் 18லிருந்து புது மூன்று வருடம் ஓடுகிறது. ஜனவரியில் தாக்கல் செய்தால் 45 மாதத்தின் 1,44,000 ரூபாயையும் கேட்கலாம். மூலக் கடிதத்தை லேமினேட் செய்யாதீர்கள், துளை போடாதீர்கள்.

பைலா தாமதத்துக்கு வருடம் 12 சதவீதம் தனிவட்டி என்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தவணைக்கு மாதம் 32 ரூபாய். முதல் தவணைக்கு 44 மாத வட்டி, கடைசித் தவணைக்கு வட்டி இல்லை. எல்லாம் கூட்டினால் 31,680. மொத்தக் கோரிக்கை 1,75,680 ரூபாய். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், சுமார் 5,270. இந்தக் கணக்கை மாதவாரியாக ஒரே தாளில் போட்டு நோட்டீஸோடு இணையுங்கள். பைலாவில் வட்டி விதியே இல்லையென்றால், எழுத்து மூலம் வட்டி கோரிய நோட்டீஸ் தேதியிலிருந்து கேட்கலாம். அதற்கு முந்தைய காலத்துக்குக் கேட்டால் நிற்பது கடினம். 24 சதவீதம், வட்டிக்கு வட்டி என்றெல்லாம் போட்டிருந்தால் அதை அபராதமாகப் பார்த்து நீதிமன்றம் குறைக்கக்கூடும். வட்டி பெருகப் பெருக, சமரசத்துக்கு வரக்கூடியவரும் விலகிப் போவார்.

கணக்கு பார்க்கும் ஓர் உறுப்பினர்: எங்கள் ஆள் அவ்வப்போது ஜிபேயில் ஆயிரம், இரண்டாயிரம் போடுவார். எங்கள் ஆப் அதை நடப்பு மாதத்தில் வரவு வைத்து ரசீது போட்டுவிடுகிறது. இதில் தவறு இருக்கிறதா?

பெரிய தவறு. பணம் கட்டுபவர் எந்த மாதத்துக்கு என்று குறிப்பிட்டால் அதில்தான் வரவு வைக்க வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் தேர்வு சங்கத்துடையது. ஒப்பந்தச் சட்டத்தின் 60ஆவது பிரிவின்படி காலாவதியான பழைய பாக்கியில்கூட வரவு வைக்கலாம். உங்கள் ஆப் புதிய மாதத்தில் வரவு வைப்பதால், வழக்குப் போட முடிகிற கடன் தீர்ந்துகொண்டும் முடியாத கடன் தங்கிக்கொண்டும் இருக்கிறது. அமைப்பை மாற்றி, ரசீதிலேயே "2022 ஏப்ரல் பாக்கியில் வரவு" என்று அச்சிடுங்கள்.

அந்த ஜிபே தொகை கெடுவை நீட்டிக்குமா என்பது வேறு கேள்வி. பகுதிப் பணம் கட்டியதற்குக் கட்டியவரின் கையெழுத்திலோ கையொப்பத்திலோ பதிவு வேண்டும் என்கிறது சட்டம். மொபைல் பரிவர்த்தனை அதற்கு ஈடாகுமா என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

ஒரு வழக்கறிஞர்: சாதாரணப் பணவழக்கு எதற்கு? பைலா எழுத்து மூலமான ஒப்பந்தம், தொகை நிர்ணயமானது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 37இன் கீழ் சுருக்க விசாரணை கேட்டால் எதிர்வாதி அனுமதி பெற்றுத்தான் வாதாட முடியும்.

கேட்கலாம், தவறில்லை. ஆனால் பைலாவில் 3,200 என்ற தொகை இல்லையே. அது பிந்தைய பொதுக்குழுத் தீர்மானத்தில் வருகிறது. பைலா, தீர்மானம், லெட்ஜர் மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் தொகை கிடைக்கும் என்றால் ஆணை 37க்கு அது போதுமா என்பதில் எதிர்த்தரப்புக்கு வாதிட இடமிருக்கிறது. கடிதம் இருக்கும் இந்த வழக்கில் நான் சாதாரண வழக்கையே தேர்ந்தெடுப்பேன். உங்கள் கருத்து வேறாக இருக்கலாம். அதற்கு முன் பைலாவில் நடுவர் மன்ற விதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எதிர்வாதி முதல் வாய்தாவிலேயே அதைக் காட்டி வழக்கை அங்கே அனுப்பச் சொல்வார்.

வங்கி ஏலத்தில் வீடு வாங்கியவர்: வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. இப்போது சங்கம் முன்னாள் உரிமையாளரின் 2 லட்சத்தை என்னிடம் கேட்கிறது. நான் ஏன் கட்ட வேண்டும்?

மெயின்டனன்ஸ் பாக்கி வில்லங்கச் சான்றில் வராது. அது சுத்தமாக இருந்தது இதற்குச் சான்றாகாது. ஏல அறிவிப்பை எடுத்துப் பாருங்கள். "உள்ளது உள்ளபடி" என்றும், சட்டப்படியான பிற பாக்கிகள் வாங்குபவர் பொறுப்பு என்றும் இருந்தால் உங்கள் நிலை பலவீனம். அப்படி இல்லையென்றால், பைலா விதி, நீங்கள் உறுப்பினராகச் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாள், தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் உங்கள் சங்கத்துக்கு எப்படிப் பொருந்துகிறது ஆகிய மூன்றையும் வைத்துத்தான் முடிவு சொல்ல முடியும். இதை ஒரு வரியில் தீர்க்க முடியாது. வாங்கிய தேதியிலிருந்து உள்ள தொகையை மட்டும் தாமதமின்றிக் கட்டிவிட்டு, பழைய பாக்கிக்கு மாதவாரிக் கணக்கு கேளுங்கள். அதில் மூன்று வருடத்துக்கு முந்தியது எவ்வளவு என்று தெரிந்தாலே பேச்சு மாறும்.

48 வீட்டுச் செயலாளர்: கடைசியாக ஒன்று. நோட்டீஸை எப்படி அனுப்புவது? டிக்ரி வாங்கியும் தரவில்லை என்றால்?

வக்கீல் நோட்டீஸை ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ப்புச் சான்றோடு அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. வீட்டு முகவரிக்கும், அவர் வேறு ஊரில் இருந்தால் அந்த முகவரிக்கும் அனுப்புங்கள். வாங்க மறுத்துத் திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். 15 நாள் அவகாசம் கொடுங்கள்.

இடையில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் வழக்குக்கு முந்தைய மனு கொடுத்துப் பார்க்கலாம். கட்டணம் இல்லை. சமரசம் ஏற்பட்டு மக்கள் நீதிமன்றம் தீர்ப்பு எழுதினால் அது டிக்ரிக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. அவர் வராவிட்டால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே காத்திருக்கும் நாள்களில் 2026 ஜூன் 18ஐத் தாண்டிவிடாதீர்கள்.

டிக்ரிக்குப் பிறகு நிறைவேற்று மனு. அதற்கு 12 வருடம் அவகாசம் இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால் வாடகையைப் பற்றுகை செய்வதுதான் வேகமான வழி; குடியிருப்பவர் வாடகையை நீதிமன்றத்தில் கட்டுவார். வாடகைக்கு இல்லையென்றால் வங்கிக் கணக்கு, அதுவும் இல்லையென்றால் வீடு. வீட்டின் மீது பற்றுகை உத்தரவு வாங்கினால் அதன் நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வையுங்கள். அதற்குப் பிறகு வில்லங்கச் சான்று எடுக்கும் எந்த வாங்குபவரும் உங்களிடம்தான் முதலில் வருவார்.