பிரசவத்துக்குப் பிறகு சிறுநீர் வராமல் இருப்பது

"விடிகாலை நாலு மணிக்குச் சுகப்பிரசவம். பத்து மணியாகியும் சொட்டுச் சொட்டாகத்தான் சிறுநீர் வருகிறது. காத்திருக்கலாமா?"

காத்திருக்க வேண்டாம், உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பிரசவமாகியோ, சிசேரியனுக்குப் போட்ட குழாயை எடுத்தோ ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் சரியாகப் போகாவிட்டால், அதைச் சிறுநீர்த் தேக்கம் என்கிறோம்.

குழந்தையின் தலை வெகுநேரம் அழுத்தியதில் சிறுநீர்ப்பையின் நரம்புகள் அசந்துபோயிருக்கும். முதுகில் மரப்பு ஊசி போட்டிருந்தால் பை நிறைந்ததே தெரியாது. அதே நேரம், கர்ப்பத்தில் உடலில் தேங்கிய நீரெல்லாம் சிறுநீராக இறங்குவதால் பை வேகமாக நிரம்பும். அதிகம் இழுத்த ரப்பர் பேண்ட் தொய்ந்துவிடுவதுபோல, அளவுக்கு மீறி விரிந்த பை சுருங்கும் பலத்தை இழக்கும். நிறைந்த பை கருப்பையை மேலே, பக்கவாட்டில் தள்ளும். கருப்பை இறுகாமல் உதிரப்போக்கு கூடும். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

முதலில் எழுந்து கழிப்பறைக்கு நடந்து, பிறப்புறுப்பின் மேல் வெதுவெதுப்பான நீர் ஊற்றிப் பார்க்கச் சொல்வார்கள். வராவிட்டால் மெல்லிய குழாய் வைத்து வடிப்பார்கள். நிறைய தேங்கியிருந்தால் குழாயை ஒரு நாள் விட்டுவைப்பதும் உண்டு. பெரும்பாலும் சில நாளில் சரியாகிவிடும்.

'கொஞ்சம் வருகிறதே' என்று நினைக்காதீர்கள்: நிரம்பிய மாடித் தொட்டியும் இப்படித்தான் வழியும்.