பனியன் கம்பெனி வேலையும் ஹாட் ஃப்ளஷும்

கேள்வி: எனக்கு 48 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஆறு மாதமாகத் திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று எரிந்து, உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுகிறது. இது ஏன் வருகிறது? இந்த வெயிலில் வேலை செய்யும் இடத்தில் எப்படிச் சமாளிப்பது?

பதில்:

நானும் திருப்பூரில்தான், ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் முதலுதவி அறையில் செவிலியராக இருக்கிறேன். எனக்கும் ஏறக்குறைய உங்கள் வயதுதான் என்பதால், அறைக்கு வருபவர்களிடம் பார்த்ததையும் என் உடம்பில் அறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்வது பெரும்பாலும் மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் ஹாட் ஃப்ளஷ். மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைபோதலாமஸ் நம் உள்வெப்பத்தை 37 டிகிரிக்கு அருகில் காத்துவருகிறது. உள்வெப்பம் ஓர் எல்லைக்கு மேலே போனால் வியர்க்க வைக்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் நடுங்க வைக்கும். இரண்டுக்கும் நடுவில் சிறு ஏற்ற இறக்கங்களை அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சினைப்பைகள் ஈஸ்ட்ரோஜன் சுரப்பதைக் குறைக்கும்போது, அதுவரை அந்த ஹார்மோனால் அடங்கியிருந்த சில நரம்பணுக்கள் ஹைபோதலாமஸுக்குள்ளேயே பருத்து, நியூரோகைனின் பி என்னும் வேதிப்பொருளை அதிகமாக வெளியிட்டு, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதியை ஓயாமல் தூண்டுகின்றன. அதனால் நடுவிலிருந்த அந்த இடைவெளி மிகக் குறுகிவிடுகிறது. ஒரு டிகிரியில் சிறு பங்கு ஏறினாலே, காய்ச்சல் அளவுக்குச் சூடாகிவிட்டதாக எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, இதயத்தை வேகமாக அடிக்கவைத்து, வியர்வையைக் கொட்டச் செய்கிறது மூளை. உண்மையில் வெளியேற்ற வேண்டிய சூடு அவ்வளவு இல்லாததால், சில நிமிடங்களில் உள்வெப்பம் இறங்கி, வியர்த்த உடம்போடு குளிரெடுப்பதும் உண்டு.

இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. ஃப்ளஷ் வருவதற்குச் சற்று முன்பே உள்வெப்பம் மெல்ல ஏறத் தொடங்குகிறது என்பதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள்; சூடான அறையில் இருக்கும் பெண்களுக்கு அது அதிகமாகவும், குளிர்ந்த அறையில் குறைவாகவும் வருகிறது. குளிர் நாட்டில் ஏதோ ஒரு காரணத்தால் எப்போதாவது தொடப்படும் எல்லையை, ஏப்ரல் மாதத் திருப்பூரில், தகரக் கூரைக்குக் கீழே, நீராவி இஸ்திரி மேசைக்கு அருகில் நிற்பவரின் உடம்பு நாள் முழுவதும் உரசிக்கொண்டே இருக்கிறது. ஆகவே எரிச்சல் வந்தபின் விசிறிக்கொள்வதைவிட, வருவதற்கு முன்பே உள்வெப்பத்தைக் கொஞ்சம் கீழே வைத்திருப்பதுதான் வேலையிடத்தில் நம்மால் செய்யக்கூடிய உருப்படியான காரியம்.

ஆனால் வியர்ப்பதெல்லாம் ஹாட் ஃப்ளஷ் அல்ல. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வியர்வையும் படபடப்பும் வரும். சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சர்க்கரை இறங்கி வியர்க்கும். அப்போது நடுக்கமும் பசியும் சேர்ந்து வரும், இனிப்பு சாப்பிட்டால் அடங்கும். அம்லோடிபின் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளும் முகத்தைச் சிவக்க வைக்கும். இரவில் மட்டும் வியர்வை, மாலையில் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரம் தாண்டிய இருமல் என்றிருந்தால் காசநோய்க்கான பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. இவற்றை ஒருமுறை பார்த்துத் தெளிந்துகொண்டால் போதும்.

எங்கள் செக்கிங் பிரிவில் 47 வயதுள்ள ஓர் அக்கா இருக்கிறார். வியர்வை துணியில் சொட்டிக் கறையாவதாகச் சூப்பர்வைசர் திட்டியதால்தான் என் அறைக்கு வந்தார். ஒரு வாரத்துக்கு, ஃப்ளஷ் வந்த நேரத்தையும் அதற்குச் சற்று முன் என்ன செய்தார் என்பதையும் ஒரு சிறு நோட்டில் குறித்துவரச் சொன்னேன். குறிப்பைப் பார்த்தபோது மூன்று இடங்களில் அது குவிந்திருந்தது: காலை டீ குடித்த பின், சாப்பாட்டை முடித்துவிட்டு மாடிப்படி ஏறி வந்த பின், இஸ்திரி முழுவீச்சில் நடக்கும் மூன்று மணி வாக்கில். சிலருக்குக் காரமும் சிலருக்குப் பதற்றமும் தூண்டுதலாக இருக்கும் என்பதால், ஊரார் சொல்லும் பட்டியலை அப்படியே பின்பற்றி எல்லாவற்றையும் விலக்குவதில் பொருளில்லை. உங்கள் நோட்டு எதைக் காட்டுகிறதோ அதை மட்டும் மாற்றினால் போதும்.

அவருக்கு முதலில் மாற்றியது இடத்தை. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இருந்த அவருடைய மேசையை, ஈரத் திரை வழியாகக் காற்று உள்ளே வரும் சுவரின் பக்கம் நகர்த்தினோம். இதற்குச் செலவே இல்லை என்பதால் மேலாளரும் மறுக்கவில்லை. இப்படிப்பட்ட கூலர்கள் வறண்ட காற்றில் நன்றாக வேலை செய்யும். மழைக்கு முந்தைய புழுக்கத்தில் ஈரத்தைத்தான் கூட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு, பாலியஸ்டர் சுடிதாருக்கு மேல் போட்டிருந்த பாலியஸ்டர் ஓவர்கோட்டுக்குப் பதிலாக, நிறுவனத்தில் கழித்துப்போட்ட பருத்தித் துணியிலேயே தளர்வாக ஒன்றைத் தைத்துக்கொண்டார். புடவை கட்டுகிறவர்கள் உள்பாவாடை நாடாவையும் இடுப்பில் செருகும் கொசுவத்தையும் கவனியுங்கள். அங்கேதான் துணி பல மடிப்பாகச் சேர்ந்து சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது.

இரண்டாவது மாற்றம் தண்ணீர். கைகளையும் முழங்கைவரை உள்ள பகுதியையும் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் அமிழ்த்தி வைத்தால், அங்கே ஓடும் இரத்தம் குளிர்ந்து உள்ளே திரும்பி, உள்வெப்பத்தை இறக்குகிறது. தீயணைப்பு வீரர்களுக்கு இதைத்தான் செய்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் பிற்பகலில் வெந்நீர்போல வரும். ஆகவே காலையிலேயே ஒரு வாளியில் பிடித்து நிழலில் மூடிவைத்து, இடைவேளைக்கு முன் ஃப்ரிட்ஜில் வைத்த பாட்டில் ஒன்றை அதில் போட்டுவிடுவோம். சாப்பாட்டு இடைவேளையின் கடைசிப் பத்து நிமிடம் அந்த அக்காவின் கைகள் அந்த வாளியில்தான் இருக்கும். மூன்று மணிக்கு வருவது அதனால் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆனால் உட்கார்ந்துவிடும் அளவுக்கு வந்தது, வேலையை நிறுத்தாமல் கழுத்தைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டது. வெயிலில் வேலை செய்யும் எவருக்கும் இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர் குடிநீர் என்பது நல்ல கணக்கு. ஆனால் நம் பெண்கள் பலர் கழிப்பறைக்கு அனுமதி கேட்கக் கூசித் தண்ணீரையே தவிர்க்கிறார்கள். முதலுதவி அறையிலிருந்து நான் இதைப் பற்றிப் போட்ட சண்டைகளை எழுதினால் தனிப் பதிலாகிவிடும். காலை டீயை ஆற விட்டுக் குடிக்கத் தொடங்கினார். சில நாள் மோரும் குடிக்கிறார். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மோரில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளஷ் வந்துவிட்டால், ஈரத் துணியால் கழுத்தையும் முன்கைகளையும் துடைத்து, மின்விசிறியின் நேர்க்காற்றில் நில்லுங்கள். வியர்வை ஆவியாகும்போதுதான் சூடு வெளியேறுகிறது. சொட்டி விழும் வியர்வையால் பயன் மிகக் குறைவு. காற்று 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், காய்ந்த தோலில் விசிறி சூட்டையே கொண்டுவந்து சேர்க்கும் என்பதால் ஈரம் கட்டாயம் வேண்டும். ஓரிரு நிமிடம் மெதுவாக மூச்சுவிடுவது பதற்றத்தை அடக்கும். ஃப்ளஷ்களின் எண்ணிக்கையை அது குறைப்பதாகப் பிந்தைய ஆய்வுகள் காட்டவில்லை.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கக் கூடாது. ஹாட் ஃப்ளஷ் சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். பதினைந்து நிமிடம் ஆகியும் சோர்வு, தலைவலி, குமட்டல், தலைசுற்றல் குறையாமல் இருந்தால் அது வெப்பத் தளர்ச்சி. வேலையை விட்டு நிழலில் படுக்க வைத்துக் குளிர்விக்க வேண்டும். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். ‘அவளுக்கு அந்த வயசு’ என்று விட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும்.

இவ்வளவு செய்தும் தூக்கமும் வேலையும் கெட்டால், மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். தானாகப் போய்விடும் என்று காத்திருப்பது பலருக்கு நீண்ட காத்திருப்பாகிவிடுகிறது. அமெரிக்கப் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி ஃப்ளஷ் வந்தவர்களில் பாதிப்பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. இருக்கும் மருந்துகளில் மிகுந்த பலன் தருவது ஈஸ்ட்ரோஜன்தான். 60 வயதுக்குள், மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்குப் பொதுவாக ஆபத்தைவிட நன்மை அதிகம். மார்பகப் புற்றுநோய், இரத்தக் கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் இருந்தவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் போன்ற ஹார்மோன் அல்லாத மாத்திரைகள் ஓரளவு உதவும். மேலே சொன்ன நியூரோகைனினின் வேலையைத் தடுக்கும் ஃபெசோலினிடன்ட் என்னும் மாத்திரைக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைச் சாப்பிடுவோர் கல்லீரலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வெந்தயமும் சோற்றுக் கற்றாழையும் சாப்பிடுவதை நான் தடுப்பதில்லை, ஆனால் அவற்றை நம்பி இரத்தப்போக்கைக் கவனிக்காமல் விடாதீர்கள்: மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதனை வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டையும், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை செய்திருந்தால் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுங்கள். கர்ப்பப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே தர வேண்டும், எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். சினைப்பைகளையும் சேர்த்து எடுத்திருந்தால் ஃப்ளஷ் ஒரே நாளில் தொடங்கியதைப் போலக் கடுமையாக வரும். ‘பை எடுத்தாச்சு’ என்று மட்டும் தெரிந்தவர்கள் நம் ஊரில் ஏராளம். எதை எடுத்தார்கள் என்பது அந்தச் சீட்டில்தான் எழுதியிருக்கும்.