வடை எண்ணெயில் இருக்கும்போதா, முந்தின ராத்திரியா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், கடைக்காக வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் பதிவு போடும் நேரத்தைப் பற்றியவை. டீக்கடை வைத்திருப்பவர்களும் கேட்டிருக்கிறார்கள், ஆபீஸ்காரர்களுக்குச் சாப்பாடு அனுப்புபவர்களும் கேட்டிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தைச் சொல்ல முடியாது. காரணம் கீழே வரும் பதில்களில் இருக்கிறது.

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் டீக்கடை. தினமும் ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வடை, பஜ்ஜி படம் போடுகிறேன். எழுபது எண்பது பேர் பார்க்கிறார்கள். ஆனால் சாயங்காலம் ஒரு தட்டு வடைகூடக் கூடுதலாகப் போகவில்லை. படம் சரியில்லையா?

படத்தில் குறையில்லை, நேரத்தில்தான் குறை. ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் ஆள் உங்கள் வடையைப் பார்க்கிறார். ஆசைப்பட்டாலும் அப்போது எழுந்து வர மாட்டார். மறுநாள் நாலு மணிக்கு ஸ்டேட்டஸைத் திறந்தாலும் உங்களுடையது மேலே வராது. ஒரு தடவை பார்த்ததை வாட்ஸ்அப் கீழே "Viewed updates" பகுதிக்குத் தள்ளிவிடும். ஐந்து மணி நெரிசலில் வேண்டிய வேலையை முந்தின ராத்திரியே செலவழித்துவிட்டீர்கள்.

டீக்கடைக்கு வருபவர் ஐந்து நிமிடத்துக்கு முன்னால்தான் முடிவெடுக்கிறார். லோடு இறக்கி முடிந்தது, ஷிப்ட் மாறுகிறது, சவாரி இறங்கியாயிற்று, "வா, ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்" என்கிறார். அந்த வாக்கியத்துக்குக் கால் மணி முன்னால் உங்கள் வடை அவர் கண்ணில் பட வேண்டும். நாலு மணிக்கு முதல் கூட்டம் என்றால் பதிவுக்கு 3.35, 3.40 சரியான நேரம். வடையும் அப்போதுதான் எண்ணெயில் இறங்கும். தட்டில் அடுக்கிய வடையைப் படம் எடுக்காதீர்கள். ஜல்லிக்கரண்டியில் வடை மேலே வரும்போது எண்ணெய் சொட்டுவதை எட்டு, பத்து விநாடி வீடியோவாக எடுத்து, அப்படியே போடுங்கள். "இப்போதுதான் இறங்கியது" என்று ஒரு வரி போதும். அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும். 3.40க்குப் போட்டதை நம்பி நாலே காலுக்கு வருபவருக்கு ஆறிப்போன வடையைக் கொடுத்தால், அடுத்த நாள் உங்கள் வீடியோவை யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று. காலை ஆறு மணி டீக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. அந்த ஆள் உங்கள் ஸ்டேட்டஸ் பார்த்து வருபவர் இல்லை, பழக்கத்தில் வருகிறார். வருவாரா மாட்டாரா என்று ஊசலாடும் நேரத்துக்கு மட்டும் பதிவு போடுங்கள். உங்களுக்கு அது மாலைப் பலகாரம். கடை லீவு என்றால் மட்டும் முந்தின நாள் சாயங்காலமே சொல்லிவிடுங்கள்.

ஸ்டேட்டஸைத் திறந்து, பார்த்தவர்கள் பட்டியலுக்குப் போனால் ஒவ்வொரு பெயருக்குக் கீழும் பார்த்த நேரம் இருக்கும். எண்பது பேர் பார்த்தார்கள் என்ற மொத்தக் கணக்கை விடுங்கள். ஐந்து மணிக்கு முன்னால் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மட்டும் எண்ணுங்கள். நீல டிக்கை அணைத்து வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அப்புறம், வாடிக்கையாளர் நம்பர் உங்கள் போனிலும் உங்கள் நம்பர் அவர் போனிலும் சேமிக்கப்பட்டிருந்தால்தான் ஸ்டேட்டஸ் அவருக்குத் தெரியும். கல்லாவுக்குப் பக்கத்தில் நம்பர் எழுதி ஒட்டியிருந்தால் மட்டும் போதாது. டீ ஆற்றும் நேரத்தில் "நம்பரைப் போட்டு ஒரு மிஸ்டு கால் கொடுங்கண்ணே, நானும் சேமிச்சுக்கறேன்" என்று கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஐ.டி. ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கிறோம். பன்னிரண்டே கால் மணிக்கு, சாப்பாடு சூடாக இருக்கும்போது, படத்தோடு மெனு போடுகிறோம். "அச்சச்சோ, இப்போதுதான் சாப்பிட்டோம், நாளைக்குப் பார்க்கலாம்" என்றே பதில் வருகிறது.

டீக்கடைக்குச் சரியாக இருக்கும் வழி இங்கே கவிழ்கிறது. ஆபீஸ்காரரின் மதியச் சாப்பாடு பன்னிரண்டே காலுக்கு முடிவாவதில்லை. வீட்டில் டப்பா கட்டலாமா வேண்டாமா என்று ராத்திரியே பேச்சு வந்துவிடுகிறது. காலை ஏழரைக்குச் சோறு டப்பாவில் ஏறிவிட்டால், அன்றைக்கு உங்களுக்கு இடமே இல்லை. டப்பா கொண்டு வராதவரும் பதினொன்றரைக்குள் பக்கத்து சீட்டுக்காரரோடு பேசி முடிவு செய்துவிடுகிறார்.

அதனால் உங்கள் நாளைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும். ஓ.எம்.ஆர். போக்குவரத்துக்கும் ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி நிறுத்தி வைக்கும் நேரத்துக்கும் சேர்த்து 12.15க்கு வண்டி கிளம்ப வேண்டும். பேக்கிங்குக்கு அரை மணி வைத்தால் 11.45. எத்தனை படி அரிசி போட வேண்டும் என்பது அதற்கு ஒரு மணி முன்னாலாவது தெரிய வேண்டும். ஆக, ஆர்டர் 10.45க்கு முடிகிறது. நீங்கள் 12.15க்குப் போட்ட மெனுவை ஒருவர் விரும்பினாலும், உங்களாலேயே கொடுக்க முடிந்திருக்காது.

இரண்டு முறை போடுங்கள். முதலாவது, முந்தின நாள் ராத்திரி எட்டரை மணி வாக்கில், நாளைய மெனு. இரண்டாவது, காலை பத்து மணிக்கு, "10.45 வரை ஆர்டர்" என்று ஒரு நினைவூட்டல். காலை நினைவூட்டலை எட்டு மணிக்கே போட்டால் வண்டி ஓட்டிக்கொண்டோ ஷட்டில் பஸ்ஸில் தூங்கிக்கொண்டோ இருப்பார்கள். ஒன்பதரைக்கு மேல் பல டீம்களில் காலை மீட்டிங். பத்து மணி வாக்கில்தான் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். ஆனாலும் உங்களிடம் வாங்கும் இரண்டு பேரிடம் அவர்கள் டீம் மீட்டிங் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு, அதற்கேற்பக் கால் மணி முன்பின் நகர்த்துங்கள்.

ராத்திரிப் பதிவில் படம் அழகாக இருப்பதைவிட விலையும் பெயரும் தெளிவாக இருப்பது முக்கியம். ஆபீஸில் ஒருவர்தான் பார்ப்பார், நாலு பேருக்குச் சேர்த்து ஆர்டர் போடுவார். அவர் தன் டீம் குரூப்புக்கு அப்படியே தள்ளிவிடும்படி, சாப்பாட்டுப் பெயர், விலை, கடைசி நேரம் மூன்றும் ஒரே படத்துக்குள் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் கடையில் ரெண்டு கூட்டமும் உண்டு. வாசலில் டீ குடிப்பவர்கள், மாடியில் இருக்கும் ஆபீஸ்களுக்கு ப்ளாஸ்க்கில் டீயும் சாயங்கால ஸ்நாக்ஸும். நம்பர் ஒன்றுதான். எல்லாருக்கும் எல்லாம் போட்டால் தொந்தரவு என்கிறார்கள்.

இரண்டு நம்பர் வேண்டாம். வாசல் கூட்டத்துக்கு ஸ்டேட்டஸ், ஆபீஸுக்கு நேரடிச் செய்தி என்று பிரியுங்கள். ஸ்டேட்டஸ் போடும் முன் அதன் பிரைவசியில் "Only share with" என்பதைத் தேர்ந்தெடுத்து வாசல் வாடிக்கையாளர்களை மட்டும் சேர்க்கலாம். ஆபீஸில் ஸ்நாக்ஸ் சொல்வது பெரும்பாலும் ஒரே ஆள்தான், அட்மினோ ரிசப்ஷனோ. அந்தப் பத்துப் பேரை ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் போட்டு, வேலை நாளில் இரண்டரை மணிக்கு ஒரே ஒரு செய்தி: இன்று என்ன, ஒன்று எவ்வளவு, 3.15க்குள் எண்ணிக்கை சொல்லுங்கள். 3.15க்கு எண்ணிக்கை வந்துவிட்டால் ஆபீஸ் பலகாரத்தை முதல் ஈடிலேயே பொரித்து அனுப்பிவிடலாம், நாலு மணிக் கூட்டத்துக்குச் சட்டி காலியாக இருக்கும். பிராட்காஸ்ட் செய்தியும் உங்கள் நம்பரைச் சேமித்தவருக்குத்தான் போகும். புது ரிசப்ஷனிஸ்ட் வந்தால் முதல் நாளே அவர் போனில் நம்பரைச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்டர் திடீரென்று நின்றுபோனால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

கேள்வி: எந்தக் கிழமை நல்லது? இடம் திருப்பூர்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வாரக்கூலி பெரும்பாலும் சனிக்கிழமை கைக்கு வருகிறது. உங்கள் டீக்கடையில் ஸ்பெஷல் ஏதாவது போடுவதானால் சனி சாயங்காலம்தான். பாக்கி வசூலும் அன்றைக்குத்தான் நடக்கும், அதை நீங்களே அறிவீர்கள். ஞாயிறு கம்பெனி லீவு, கம்பெனியை நம்பிய கடை பதிவு போட்டுப் பயனில்லை.

மாதச் சம்பள ஆபீஸில் கிழமையைவிடத் தேதி பெரிது. முதல் பத்து நாளில் பிரியாணி ஓடும், இருபதுக்கு மேல் தயிர் சாதம், கலவை சாதம் என்று இறங்கி வருவார்கள். அதற்கேற்ப மெனுவை மாற்றிப் போடுங்கள். வாரத்தில் சில நாள் மட்டும் ஆபீஸ் வரும் ஐ.டி. கம்பெனி என்றால், பெரும்பாலும் செவ்வாய், புதன், வியாழன்தான் சீட் நிறையும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதே நல்லது. புரட்டாசியில் அசைவ மெனுவை முன்னால் வைக்க வேண்டாம். சனிக்கிழமை சுத்தமாக வேண்டாம்.

கேள்வி: இன்ஸ்டாகிராம் இன்சைட்ஸில் என் ஃபாலோயர்கள் ராத்திரி 9 மணிக்கு அதிகம் இருப்பதாகக் காட்டுகிறது. அப்போது போடக் கூடாதா?

அவர்கள் போனில் இருக்கும் நேரத்தைத்தான் அது காட்டுகிறது. பசிக்கும் நேரத்தை அது அறியாது. நாளைய மெனுவுக்கு அந்த நேரம் பொருந்தும், இன்றைய வடைக்குப் பொருந்தாது. ரீல்ஸ் வேறு கணக்கு. இன்று போட்டது மூன்று நாள் கழித்தும் ஒருவர் கண்ணில் படலாம். அதனால் "இன்று மட்டும்" என்று ரீலில் எழுதாதீர்கள். இன்றைய விஷயம் ஸ்டோரியில் போகட்டும்.

கேள்வி: நேரத்தை மாற்றியதால்தான் வியாபாரம் ஏறியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு நோட்டு போதும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாள் மட்டும் எடுங்கள். முதல் வாரம் பதிவே இல்லாமல், 3.30லிருந்து 5.30 வரை எத்தனை மசால் வடை போயிற்று என்று எழுதுங்கள். இரண்டாம் வாரம் மூன்று மணிக்குப் பதிவு, மூன்றாம் வாரம் 3.40க்கு. வீடியோ ஒரே மாதிரி, விலை அதே, போடும் வடையும் போதிய அளவு. ஐந்து மணிக்கே வடை தீர்ந்துவிட்டால் அந்த நாள் எதையும் சொல்லாது.

முதல் வாரம் 110, 124, 117 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பதிவு இல்லாமலே 14 வடை ஏறி இறங்குகிறது. அப்படியானால் இரண்டாம் வாரம் 121, 115, 126 வந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள், சந்தோஷப்படாதீர்கள். மூன்றாம் வாரம் 148, 141, 152 வந்தால்தான் நேரம் வேலை செய்கிறது. மழை பெய்த நாளை அடித்துவிட்டு அடுத்த வாரம் அதே கிழமையைச் சேருங்கள், ஏனென்றால் மழைக்கு வடை தானாகவே ஓடும். இன்னும் சந்தேகமிருந்தால், அந்த வாரம் வீடியோவில் "சட்டி வடை" என்று ஒரு பெயர் வையுங்கள். கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர் பதிவைப் பார்த்து வந்தவர்.